ஆகஸ்ட் 15 ஏன் 14 ஆனது?

சென்னையில் ஒருவர் இணையப் படிவம் ஒன்றில் தன் பிறந்த தேதியாக 1990 ஆகஸ்ட் 15-ஐத் தேர்ந்தெடுக்கிறார். சேமித்துவிட்டுத் திறந்து பார்த்தால் ஆகஸ்ட் 14 என்று இருக்கிறது. திருத்திச் சேமித்தாலும் அதே கதைதான். புகார் நியூயார்க்கில் இருக்கும் டெவலப்பரிடம் போகிறது. அவர் தன் கணினியில் அதே தேதியைப் போட்டுப் பார்க்கிறார். அங்கே 15 என்றே பதிவாகிறது.

இந்தப் பிழையைத் தீர்க்க ஒரு வரியை மாற்றினால் போதும். ஆனால் அந்த மாற்றத்தை மென்பொருளில் சேர்ப்பதற்கு முன் சக டெவலப்பர்களின் பார்வைக்கு வைக்க வேண்டும். அதைத்தான் 'புல் ரிக்வெஸ்ட்' என்கிறார்கள். அதோடு ஒரு விளக்கமும் எழுதப்படும். 'தேதி பக் சரிசெய்யப்பட்டது' என்று மட்டும் அதில் எழுதினால், நியூயார்க்கில் இருந்து அதைப் பரிசீலிப்பவருக்கு எதுவும் விளங்காது. அவர் கண்ணில் அந்தப் பிழை பட்டதே இல்லையே!

ஆகவே விளக்கம் காரணத்திலிருந்து தொடங்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் Date என்பது நாட்காட்டித் தாளில் இருக்கும் தேதி அல்ல. காலத்தின் ஒரு கணம். பயனர் ஆகஸ்ட் 15-ஐத் தொட்டதும், இந்தப் படிவம் அதை அவருடைய ஊர் நேரப்படி அன்று பிறக்கும் நள்ளிரவு 12 மணியாக எடுத்துக்கொள்கிறது. சேமிக்கும்போது toISOString என்ற கட்டளை அந்தக் கணத்தை உலகப் பொது நேரமான யுடிசிக்கு மாற்றுகிறது. இந்திய நேரம் யுடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கே நள்ளிரவு என்றால் அங்கே முந்தைய நாள் மாலை 6.30.

```js
new Date(1990, 7, 15).toISOString()
// இந்தியாவில்: "1990-08-14T18:30:00.000Z"
```

(மாதங்களை 0-இலிருந்து எண்ணுவதால் 7 என்பது ஆகஸ்ட்.) விடையின் முதல் பத்து எழுத்துகளை மட்டும் வெட்டி எடுத்துச் சேமித்ததால் 14 பதிவாகிவிட்டது. இந்தியாவில் ஒரு தேதி ஒரு நாள் பின்னால் போய், அதன் அருகே 18:30 என்றும் தெரிந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். நியூயார்க் யுடிசிக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே நள்ளிரவாகும்போது யுடிசியில் அதே நாளின் அதிகாலை, தேதி மாறாது. லண்டனில் இன்னும் விசித்திரம். குளிர்காலத் தேதிகள் சரியாக வரும்; கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தும் கோடைகாலத்துத் தேதிகள் ஒரு நாள் குறையும்.

காரணம் இவ்வளவு தெளிவாக இருந்தால், செய்த மாற்றத்தைச் சுருக்கமாகச் சொன்னாலே போதும்.

```diff
- const dob = date.toISOString().slice(0, 10);
+ const dob = formatLocalDate(date);
```

புதிய செயற்கூறு, ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் getFullYear, getMonth, getDate வழியாக உள்ளூர் நேரப்படியே எடுத்துக் கோக்கிறது. யுடிசிக்குப் போய்வரும் பயணமே இதில் இல்லை. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிவிட்டால் தீர்ந்ததே என்று சிலருக்குத் தோன்றலாம். அப்படிச் செய்தால் சென்னையில் சரியாகும்; சிங்கப்பூர் யுடிசியைவிட எட்டு மணி நேரம் முன்னால் இருப்பதால் அங்கே பிழை அப்படியே இருக்கும். இந்தக் குறுக்குவழியை ஏன் எடுக்கவில்லை என்று விளக்கத்தில் ஒரு வரி எழுதிவைத்தால், பின்னாளில் யாரும் அதை நுழைக்க மாட்டார்கள்.

சரிபார்க்கும் முறையைத்தான் பலர் அவசரமாக எழுதிவிடுகிறார்கள். 'டெஸ்ட் எல்லாம் பாஸ்' என்பது இங்கே எதையும் நிரூபிக்காது. சோதனைகளை ஓட்டும் சர்வர்கள் பெரும்பாலும் யுடிசியில்தான் இருக்கும். பழைய குறியீடும் அங்கே பாஸ் ஆகும். எனவே நேர மண்டலத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

```sh
TZ=Asia/Kolkata npm test
TZ=America/New_York npm test
```

புதிதாகச் சேர்த்த சோதனை, பழைய வரியோடு ஓட்டினால் முதல் கட்டளையில் தோற்க வேண்டும். புதிய வரியோடு இரண்டிலும் வெல்ல வேண்டும். தோற்பதை ஒருமுறை கண்ணால் பார்த்த பிறகுதான், அந்தச் சோதனை உண்மையிலேயே இந்தப் பிழையைப் பிடிக்கிறது என்று நம்ப முடியும்.

இந்தத் திருத்தம் எதைச் சரிசெய்யாது என்பதையும் விளக்கத்தில் எழுத வேண்டும். ஏற்கெனவே 14 என்று பதிவானவை 14 ஆகவே இருக்கும். எல்லாவற்றிலும் ஒரு நாளைக் கூட்டவும் முடியாது. நியூயார்க்கிலிருந்து பதிந்தவர்களின் தேதி சரியாக இருக்கிறது, அது கெட்டுவிடும். இந்தியப் பயனர்களிலும், 15 என்று பதிவாக வேண்டுமே என்று வேண்டுமென்றே 16-ஐத் தேர்ந்தெடுத்துச் சமாளித்தவர்கள் இருக்கலாம். சேமித்திருப்பது தேதி மட்டும்தான், 18:30 என்ற தடயம் வெட்டிய இடத்திலேயே போய்விட்டது. அந்தப் பழைய பதிவுகளைச் சம்பந்தப்பட்டவர்களிடமே கேட்டு உறுதிசெய்வது தனி வேலை என்ற குறிப்போடு விளக்கம் முடிகிறது.