இரவு இருமலும் யானைக்கால் புழுவும்

“ஈஸ்னோபீலியா இருக்காம்” என்று ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு வருபவர்கள் நம் ஊரில் ஏராளம். அது தனி நோயல்ல. ஈஸினோபில் என்ற வெள்ளணு கூடியிருக்கிறது என்ற கணக்குதான்.

பாக்டீரியாவை மற்ற வெள்ளணுக்கள் விழுங்கிவிடும். புழுவை எப்படி விழுங்குவது? ஈஸினோபில்கள் அதன் மேல் கூட்டமாக ஒட்டிக்கொண்டு நச்சுப் புரதங்களைக் கொட்டுகின்றன. நூறு வெள்ளணுக்களில் ஒன்றுகூடத் தேறாத பேசோபில், ஹிஸ்டமினை வெளியிட்டு, ஈஸினோபில்களைத் திரட்டவும் உதவுகிறது. தூசிக்கும் மகரந்தத்துக்கும் இதே படை கிளம்பினால் அலர்ஜி. கொட்டிய நச்சு நம் மூச்சுக்குழாயையே புண்ணாக்குகிறது.

இரண்டும் ஒரே உடம்பில் நடப்பதும் உண்டு. யானைக்கால் புழுவின் குஞ்சுகள் நுரையீரலில் சிக்க, உடம்பு மிதமிஞ்சி எதிர்க்கிறது. இரவில் வறட்டு இருமல், இளைப்பு. ஆஸ்துமா என்றே தோன்றும். இன்ஹேலரால் முழுதாகத் தீராது. குஞ்சுகள் நுரையீரலிலேயே அழிவதால் ரத்தத்தில் பெரும்பாலும் தென்படுவதில்லை. ஈஸினோபில் எண்ணிக்கைதான் காட்டிக்கொடுக்கும்: வழக்கமாக மைக்ரோலிட்டருக்கு 500-க்குள் இருப்பது 3,000-ஐத் தாண்டிவிடும். டைஎதில்கார்பமசைன் மாத்திரையை மூன்று வாரம் சாப்பிட்டால் பெரும்பாலோருக்கு அடங்கும், சிலருக்குத் திரும்பவும் வரும்.

ரிப்போர்ட்டில் சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள்; மொத்த எண்ணிக்கையையும் டாக்டரிடம் கேளுங்கள்.