பக்கத்து செல்லுக்குப் போகும் எச்சரிக்கை

1957இல் லண்டன் மில் ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில், அலிக் ஐசக்ஸும் ஜீன் லிண்டன்மனும் கோழிக்கருவின் சவ்வுத் துண்டுகளை எடுத்து, சூடாக்கிச் செயலிழக்கச் செய்த ஃப்ளூ வைரஸோடு சேர்த்து வைத்தார்கள். அந்தத் துண்டுகள் இருந்த திரவத்தைப் பிறகு புதுச் சவ்வுகளின் மேல் விட்டார்கள். அப்படி நனைந்த சவ்வுகளில் உயிருள்ள வைரஸால் சரியாகப் பெருக முடியவில்லை. செல்கள் எதையோ வெளியே விட்டிருந்தன. அதற்கு அவர்கள் இன்டர்ஃபெரான் என்று பெயர் வைத்தார்கள்.

உள்ளே வைரஸ் புகுந்துவிட்டது என்று செல்லுக்கு எப்படித் தெரிகிறது? நம் செல்லின் ஆர்.என்.ஏ. பெரும்பாலும் ஒற்றை இழை. ஆர்.என்.ஏ. வைரஸ் தன்னை நகலெடுக்கும்போது மூல இழையும் எதிர் இழையும் ஒட்டிக்கொண்டு இரட்டை இழை உண்டாகிறது. நகலெடுக்காமல் வைரஸ் பெருக முடியாது என்பதால் இந்தத் தடயம் தவிர்க்க முடியாதது. செல்லுக்குள் ரிக்-ஐ, எம்டிஏ-5 என்ற இரண்டு புரதங்கள் இதைத் தேடுகின்றன. முன்னது நுனியில் மூன்று பாஸ்பேட் உள்ள குட்டை இழைகளைப் பிடிக்கும், பின்னது நீண்டவற்றை. பிடித்ததும் தகவல் மைட்டோகாண்ட்ரியாவின் மேலுள்ள ஒரு புரதம் வழியாக உட்கருவுக்குப் போய், இன்டர்ஃபெரான் ஜீன் இயங்கத் தொடங்குகிறது.

வெளியேறும் இன்டர்ஃபெரான் வைரஸைத் தொடுவதே இல்லை. பக்கத்து செல்லின் மேலுள்ள ஏற்பியில் அது ஒட்டிக்கொள்ள, அங்கே நூற்றுக்கணக்கான ஜீன்கள் விழிக்கின்றன. இதில் எனக்கு மிகவும் பிடித்தது பி.கே.ஆர். என்ற புரதத்தின் ஏற்பாடு. செல்லின் புரத உற்பத்தியையே நிறுத்தக்கூடியது அது. வைரஸுக்கு வேண்டிய புரதமும் அதனால் கிடைக்காமல் போகும். ஆனால் இன்டர்ஃபெரான் அதன் அளவைக் கூட்டுகிறதே தவிர, இயக்குவதில்லை. இரட்டை இழை ஆர்.என்.ஏ. வந்து ஒட்டினால்தான் இயங்கும். துப்பாக்கியில் குண்டு போட்டுவிட்டு விசையைத் திருடன் கையிலேயே கொடுப்பது போல. வைரஸ் வராவிட்டால் பக்கத்து செல் வழக்கம்போல் தன் வேலையைப் பார்க்கும்.

வைரஸ்களும் சும்மா இருப்பதில்லை. ஃப்ளூ வைரஸின் என்.எஸ்.1 புரதம் இரட்டை இழையை மூடி மறைக்கிறது. ரிக்-ஐ விழிப்பதையும் தடுக்கிறது. எச்சரிக்கை தவறாகவும் எழலாம். நம் செல்லிலும் சில ஆர்.என்.ஏ.க்கள் தாமாகவே மடிந்து இரட்டை இழை ஆவதுண்டு. அடார்-1 என்ற நொதி அவற்றின் எழுத்துகளை ஆங்காங்கே மாற்றி, ஜோடியைத் தளர்த்தி வைக்கிறது. அந்த நொதியில் பிறவிக் குறை உள்ள குழந்தைகளுக்கு, வைரஸே இல்லாமல் இன்டர்ஃபெரான் சுரந்து மூளை பாதிக்கப்படுகிறது. ஃப்ளூவில் வரும் காய்ச்சலும் உடல்வலியும்கூட ஓரளவு இந்த எச்சரிக்கையின் விலைதான். இன்டர்ஃபெரானை ஊசியாகப் போட்டுக்கொண்ட ஹெபடைடிஸ்-சி நோயாளிகளுக்கு ஃப்ளூ வந்தது போலவே இருந்தது.

எச்சரிக்கை வழியிலேயே தடைபட்டால் என்ன ஆகும் என்பதை கோவிட் காட்டியது. உயிருக்கு ஆபத்தான நிலையில் இருந்த 987 நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்து 2020இல் வெளியான ஆய்வில், 101 பேருக்குத் தங்கள் சொந்த இன்டர்ஃபெரானையே முடக்கும் எதிர்ப்பான்கள் இருந்தன. அவர்களில் 95 பேர் ஆண்கள்.