படி ஏறினால் முழங்கால் வலிக்கிறதா?

அந்த அம்மாவுக்கு 48 வயது. மும்பையில் நான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் படிகளைப் பெருக்கித் துடைக்கிறார். சமதரையில் நடந்தால் வலி இல்லை. படி ஏறினால்தான் முழங்கால் வலிக்கிறது. ஆறு மாதமாக மெல்ல மெல்லக் கூடியது.

இது தேய்மான வலி. மூட்டுக்குள் எலும்பின் முனையில் வழவழப்பான குருத்தெலும்பு இருக்கிறது. வயது ஏற ஏற அது தேய்கிறது. படி ஏறும்போது முழங்காலில் உடல் எடையைப்போல் சுமார் மூன்று மடங்கு பாரம் விழும். அதனால்தான் வலி முதலில் படியில் தெரிகிறது.

அடிபட்ட வலி வேறு. கால் பிசகிய அன்றே வலிக்கும். சில மணி நேரத்தில் முழங்கால் வீங்கும். காலை ஊன்ற முடியாது. அப்போது பயிற்சி கூடாது. மருத்துவரிடம் போக வேண்டும். மூட்டு சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றே போக வேண்டும்.

தேய்மான வலிக்குப் பலரும் காலை அசைக்காமல் உட்கார்ந்துவிடுகிறார்கள். அது தவறு. தொடைத் தசை இளைத்துப்போகும், வலி கூடும். தேய்ந்த குருத்தெலும்பு பழையபடி வளராது. ஆனால் தொடைத் தசை பலமானால் மூட்டுக்குத் தாங்கல் கிடைக்கும்.

அந்த அம்மா பாயில் மல்லாந்து படுப்பார். ஒரு காலை மடக்கி வைப்பார். வலிக்கும் காலை நீட்டி, தொடையை இறுக்கி, ஓர் அடி உயரம் தூக்குவார். ஐந்து எண்ணிவிட்டு மெதுவாக இறக்குவார். காலையில் 10 முறை, மாலையில் 10 முறை. மூச்சை அடக்கமாட்டார். மறுநாளும் வலி அதிகமாக இருந்தால் ஐந்து முறையாகக் குறைத்துக்கொள்வார்.

இரண்டு மாதத்தில் வலி குறைந்தது. இப்போதும் கைப்பிடியைப் பிடித்துத்தான் ஏறுகிறார். ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்கிறார். இறங்கும்போது வலிக்கும் காலை முதலில் வைக்கிறார்.