முதல் வரிசையில் எந்த மூன்று?

சேலத்தில் ஒரு பெண் வீட்டிலிருந்தபடியே மணப்பெண்களுக்கு ஆரி வேலைப்பாடு செய்த பிளவுஸ் தைத்துத் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடை கிடையாது, பெயர்ப் பலகை கிடையாது. வாடிக்கையாளர் அவரைப் பார்ப்பது இன்ஸ்டாகிராமில்தான். பக்கத்தைத் திறந்தால் மேலே பயோ: “கனவுகளைத் தைப்பவள், இரு குழந்தைகளின் அம்மா, இசைப் பிரியை.” அதற்குக் கீழே அவர் பின் செய்து வைத்திருக்கும் மூன்று பதிவுகள். ஒன்று மகள் ஆடிய ரீல், ஒன்று தீபாவளி வாழ்த்து, ஒன்று தள்ளுபடி அறிவிப்பு. தள்ளுபடி முடிந்து பல மாதங்கள் ஆகிவிட்டன. அவருடைய கைவேலை அத்தனையும் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தால்தான் தெரியும் தூரத்தில் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அவ்வளவு தூரம் போவதில்லை.

மகளின் ரீல் அங்கே வந்ததற்குக் காரணம், அதைத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள் என்பது. பின் செய்கிற பலரும் செய்யும் தவறு இது. ஆட்டத்தைப் பார்த்து வந்தவர் பிளவுஸ் தேடி வந்தவர் அல்ல. பிளவுஸ் தேடி வந்தவருக்கோ அந்த ஆட்டம் ஒன்றும் சொல்வதில்லை. யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய வியாபாரப் பக்கத்தின் தலைமாட்டில் குழந்தையின் முகத்தை நிரந்தரமாக வைப்பது நல்லதும் இல்லை.

பயோவை முதலில் திருத்த வேண்டும். அது என்ன சொல்கிறதோ, அதை மெய்ப்பிப்பதுதான் கீழே இருக்கும் பதிவுகளின் வேலை. இன்ஸ்டாகிராம் பயோவுக்குத் தருவது 150 எழுத்துகள். தமிழில் எழுதினால் இது சீக்கிரம் தீர்ந்துவிடும். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. ‘மணப்பெண்’ நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, கணக்கில் எட்டு. ஆகவே அலங்காரத்துக்கு அங்கே இடமில்லை. நம் சேலத்துப் பெண் இப்படி எழுதலாம்:

மணப்பெண் ஆரி பிளவுஸ்
சேலம் | கூரியர் உண்டு
அளவு பிளவுஸ் அனுப்பினால் போதும்
30 நாள் முன்பே சொல்லுங்கள்

இதைப் படிப்பவர் மனதில் அடுத்த நொடியே சந்தேகங்கள் எழும். வேலை நேர்த்தியாக இருக்குமா? ஆளைப் பார்க்காமல் அளவு சரியாக வருமா? முப்பது நாள் எதற்கு? பின் செய்ய இன்ஸ்டாகிராம் அனுமதிப்பதும் மூன்று பதிவுகள்தான். பக்கத்தில் ஒரு வரிசைக்கு மூன்று படம் என்பதால் முதல் வரிசை முழுவதும் அவர் கையில் இருக்கிறது.

முதல் இடத்தில் முடிந்த பிளவுஸின் பின்கழுத்து, ஜரிகையும் மணியும் தெரியும்படி பகல் வெளிச்சத்தில் அருகிலிருந்து எடுத்தது. மணப்பெண்ணே உடுத்தியிருக்கும் படம் இன்னும் நல்லது, அவரிடம் கேட்டுவிட்டுப் போட வேண்டும். இரண்டாவது, அளவு பிளவுஸை எப்படி மடித்து அனுப்புவது, கை நீளம் மாற்ற வேண்டுமானால் எங்கே எழுதுவது என்று காட்டும் சிறு ரீல். மூன்றாவது, சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் ஊசி ஏறி இறங்கும் காட்சி. வேலைக்கு ஏன் அத்தனை நாள் ஆகிறது என்பதை அது பேசாமலே விளக்கிவிடும்.

வரிசைக்கு ஒரு சூட்சுமம் உண்டு. கடைசியாகப் பின் செய்ததுதான் முதலில் வந்து நிற்கும். எனவே மூன்றாவதாக வேண்டியதை முதலில் பின் செய்ய வேண்டும். இன்னொன்று, 2025 தொடக்கத்தில் இன்ஸ்டாகிராம் சதுரக் கட்டங்களை நீள்கட்டங்களாக மாற்றியது. பழைய சதுரப் படங்களின் இரு ஓரமும் அங்கே வெட்டுப்படுகின்றன. ஓரத்தில் எழுத்து இருந்தால் பாதிதான் தெரியும்.

விலையை மட்டும் பின் செய்யக் கூடாது. மணி விலையும் கூலியும் ஏறும்போது பழைய தொகையைக் காட்டி வாடிக்கையாளர் வாதிடுவார். அதன் இடம் பயோவுக்கும் படங்களுக்கும் நடுவே வட்டமாக நிற்கும் ஹைலைட். அதில் ஸ்டோரியை நீக்கிவிட்டுப் புதியதைச் சேர்ப்பது எளிது.

மாற்றம் பலித்ததா என்பதை லைக்கை வைத்துச் சொல்ல முடியாது, வரும் செய்திகளைப் பார்க்க வேண்டும். “எந்த ஊர்?”, “வெளியூருக்கு அனுப்புவீங்களா?” என்றே தொடர்ந்து வந்தால் பயோ சரியாகப் பேசவில்லை. “அளவு சரியா வருமாக்கா?” என்று வந்தால் இரண்டாவது பதிவின் முகப்புப் படம் விஷயத்தைச் சொல்லவில்லை. கேள்விகள் “தை முகூர்த்தத்துக்கு முடியுமா?” என்று மாறத் தொடங்கினால், முதல் வரிசை தன் வேலையைச் செய்கிறது.

மகளின் ரீலை அழிக்க வேண்டியதில்லை. பின்னை எடுத்துவிட்டால் அது தன் தேதிக்குரிய இடத்துக்குத் தானாகவே போய்விடும், லைக்கும் கமென்ட்டும் குறையாமல்.