முகம் ஏன் கடுத்தது?

“பேருந்து நின்றது. பெரியவர் குடையை மடக்கி, படியருகே ஓர் உதறு உதறிவிட்டு ஏறினார். ‘எல்லாரும் சில்லறையா எடுத்து வெச்சுக்குங்க’ என்றபடி வந்த நடத்துநரிடம் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினார். நடத்துநரின் முகம் கடுத்தது.”

பாடநூலில் இல்லாத பத்தியாக இதை வினாத்தாளில் வைக்கிறோம். என்ன கேட்கலாம்?

‘நடத்துநரின் முகம் என்ன ஆனது?’ என்று கேட்டால், எல்லாரும் ‘கடுத்தது’ என்று எழுதிவிடுவார்கள். அந்தச் சொல்லின் பொருள் தெரியாதவரும் முழு மதிப்பெண் வாங்குவார். வினாவிலுள்ள சொற்களைப் பத்தியில் தேடி, பக்கத்தில் இருப்பதைப் பெயர்த்து எழுதினால் போதும். இப்படிப்பட்ட வினா தொடக்கத்தில் ஒன்றிரண்டு இருக்கலாம். முழுவதும் இப்படியே போகக்கூடாது.

‘முகம் ஏன் கடுத்தது?’ என்று மாற்றினாலே நிலைமை மாறிவிடும். காரணம் பத்தியில் எழுதப்படவில்லை. சில்லறை கேட்டதையும் பெரிய தாள் வந்ததையும் மாணவர்தாம் முடிச்சுப்போட வேண்டும். இதுதான் உய்த்துணர் வினா. ‘அப்போது மழை பெய்ததா? எப்படித் தெரியும்?’ என்பதும் அந்த வகைதான். குடையை வெயிலுக்கும் பிடிப்பார்கள்; ‘உதறிவிட்டு’ என்ற சொல்தான் மழையைக் காட்டிக்கொடுக்கிறது.

ஆனால் ‘பெரியவர் வசதியானவரா?’ என்று கேட்டால் அது ஊகம். அவரிடம் இருந்ததே அந்த ஒரு தாளாகவும் இருக்கலாம். அதனால் வினாவை எழுதும்போதே விடையையும் எழுதி, அதற்குச் சான்றான சொற்களைப் பத்தியில் அடிக்கோடிட்டுப் பார்க்க வேண்டும். கோடிட இடமில்லை என்றால் வினாவை நீக்கிவிடலாம்.

சொற்பொருள் வினாவுக்கு அரிய சொல்லைத் தேட வேண்டாம். பல பொருள் உள்ள, பழகிய சொல்லே நல்லது. ‘கடுத்தது’ என்பதற்கு வலித்தது, சிடுசிடுத்தது, வியர்த்தது, மலர்ந்தது என நான்கு விடைகள் தரலாம். நான்கும் அந்த வாக்கியத்தில் இலக்கணப்படி பொருந்தும். ‘கால் கடுக்க நின்றான்’ என்பதை மட்டும் அறிந்தவர் ‘வலித்தது’ என்பார். சூழலைப் படித்தவர் ‘சிடுசிடுத்தது’ என்பார். அவசரத்தில் ‘வாடியது’ என்று ஒன்றைச் சேர்த்தால் வம்பு. சில்லறை இல்லாத நடத்துநரின் முகம் வாடவும் செய்யுமே என்று ஒரு மாணவர் வாதிட்டால், மறுக்க வழியில்லை.

கடைசியாக ஒரு சோதனை. பத்தியை மறைத்துவிட்டு, வினாக்களை மட்டும் வேறொரு ஆசிரியரிடம் கொடுக்க வேண்டும். ‘பேருந்தில் பயணச்சீட்டு கொடுப்பவர் யார்?’ என்பது போன்றவற்றுக்கு அவர் யோசிக்காமல் விடை சொல்லிவிடுவார். அவற்றை அடித்துவிடலாம். ‘முகம் ஏன் கடுத்தது?’ என்ற வினா வரும்போதோ, “பத்தி எங்கே சார்?” என்று கேட்பார்.