நான்கு மணி நேரத்தில் தொடங்கும் வேலை

பிரிட்டனில் நீண்ட மருத்துவ விடுப்பில் இருப்பவருக்கு மருத்துவர் தரும் சான்றிதழை ‘ஃபிட் நோட்’ என்பார்கள். படிப்படியாக வேலைக்குத் திரும்பலாம் என்று குறிக்க 2010 முதல் அதில் இடமுண்டு. ஆனால் அது ஆலோசனைதான். எந்த நாளில் என்ன வேலை என்பதை உறுதிசெய்வது நிறுவனம் தரும் கடிதம்.

முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து திரும்பும் கிடங்கு ஊழியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். “முடிந்ததைச் செய்யுங்கள்” என்று மட்டும் எழுதினால், இரண்டாம் நாளே பெட்டி தூக்கச் சொல்லிவிடுவார்கள். முதல் இரண்டு வாரம் தினம் நான்கு மணி நேரம், இருப்புக் கணக்கு மட்டும், பளு தூக்கக் கூடாது. அடுத்த இரண்டு வாரம் ஆறு மணி நேரம், சிறு பெட்டிகள். ஐந்தாம் வாரம் முழு நேரம் என்று கடிதம் பிரித்துச் சொல்ல வேண்டும். வெள்ளிதோறும் மேற்பார்வையாளருடன் சந்திப்பு. வலி கூடினால் அடுத்த கட்டத்தைத் தள்ளிப்போடலாம் என்ற வரி இல்லாவிட்டால், அந்தச் சந்திப்பு வெறும் குசல விசாரிப்புதான்.

பலர் கோட்டைவிடுவது சம்பளத்தில். வேலை செய்யாத மணி நேரத்துக்கும் முழுச் சம்பளம் தர வேண்டும் என்று அங்கே பொதுவான சட்டம் இல்லை. நோய் விடுப்பின்போதும் ஆண்டு விடுப்பு சேர்ந்துகொண்டே வரும். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் அதைக் கொண்டு குறையும் நேரத்தை ஈடுகட்டலாம். கையெழுத்திடும் முன் இந்த வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.