ஒரே மெயிலில் மூன்று குரல்

விருதுநகர்ப் பக்கம் செக்கு நல்லெண்ணெய் ஆட்டி விற்கும் ஒருவருக்கு 1 லிட்டர் பாட்டில் லேபிள் செய்துகொடுத்தேன். பாட்டிலைச் சுற்றி ஒட்டுவது. நீளம் 24 செ.மீ., உயரம் 10 செ.மீ. இரண்டாவது வடிவத்தை அனுப்பிய மறுநாள் பதில் மெயில் வந்தது. கையெழுத்து என்னவோ மகனுடையதுதான். ஆனால் படிக்கப் படிக்க, அதற்குள் அண்ணாச்சி பேசுகிறார், மகன் பேசுகிறார், கடை கடையாகப் போய்ச் சரக்குப் போடும் விற்பனைக்காரரும் பேசுகிறார். பெயரைப் பெரிதாக்க வேண்டும். நெரிசலாக இருக்கிறது, இடம் விட வேண்டும். பழைய பச்சையே இருக்கட்டும், பச்சை வேண்டாம். மாட்டுச் செக்குப் படம் கண்டிப்பாக வேண்டும். மாட்டுப் படத்தை எடுத்துவிடுங்கள்.

இப்படி ஒரு மெயில் வந்தால், மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகச் செய்துகொண்டே போவதுதான் பலர் செய்யும் தவறு. மூன்றாம் வரிக்குச் செய்ததை எட்டாம் வரி அழித்துவிடும். கடைசியில் எழுதியவர் சொன்னது மட்டும் லேபிளில் நிற்கும். முதலில் சொன்னவர், ‘நான் சொன்னதைச் செய்யவே இல்லையே’ என்பார். இரண்டுக்கும் நடுவில் ஒன்றைச் செய்து சமாளிப்பதும் உதவாது. பெயரைக் கொஞ்சம் பெரிதாக்கி இடத்தையும் கொஞ்சம் விட்டால் இரண்டு பேருக்குமே நிறைவு இருக்காது. அதே திருத்தம் அடுத்த சுற்றில் வேறு சொற்களில் திரும்பி வந்தால், முந்தைய சுற்றில் முரண்பாட்டை மூடிமறைத்திருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளலாம்.

நான் கம்ப்யூட்டரில் டிசைனைத் திறக்காமல் ஒரு தாளை எடுத்துக்கொண்டேன். மெயிலில் இருந்தவை 11 வாக்கியங்கள். ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு மூன்று வேலைகள் ஒளிந்திருக்கும். ‘முகவரியை மாற்றி, போன் நம்பரைக் கொஞ்சம் எடுப்பாக வைத்து, பச்சையை எடுத்துவிடுங்கள்’ என்பது ஒரு வாக்கியம், மூன்று திருத்தம். அப்படிப் பிரித்தபோது 17 வந்தது. ஒவ்வொன்றையும் அவர்கள் எழுதிய சொற்களிலேயே எழுதினேன். நம் சொற்களுக்கு மாற்றினால் நம் அனுமானமும் கூடவே நுழைந்துவிடும். பக்கத்தில் மூன்று குறிப்புகள்: யார் சொன்னது, லேபிளின் எந்த இடத்தைப் பற்றி, எந்த வடிவத்தைப் பார்த்துச் சொன்னது. தெரியாத இடத்தில் கேள்விக்குறி.

17-ல் 9 பிரச்சினையில்லாதவை: முகவரி, எழுத்துப் பிழை போன்றவை. ஒன்று செய்யவே முடியாதது. ‘கொலஸ்ட்ராலைக் குணப்படுத்தும்’ என்று போடச் சொல்லியிருந்தார்கள். நோயைக் குணப்படுத்தும் என்று உணவுப் பொருளின் லேபிளில் எழுத உணவுப் பாதுகாப்பு விதிகள் இடம் தருவதில்லை. இன்னொன்று, அரை லிட்டருக்கும் ஒரு லேபிள். அது திருத்தமாகாது, புது வேலை. அதற்குத் தனி விலை, தனி நாள். மிச்சம் 6. அவைதான் ஒன்றோடொன்று மோதும் மூன்று ஜோடிகள்.

பச்சை விஷயம் கேள்விக்குறியிலேயே அவிழ்ந்தது. மகனுக்குப் போன் செய்து, “நீங்கள் சொன்னது எந்தப் பச்சை?” என்று மட்டும் கேட்டேன். அவர் வேண்டாம் என்றது இரண்டாவது வடிவத்தில் பின்னணியில் நான் போட்டிருந்த இலைக் கோலத்தை. அண்ணாச்சி இருக்கட்டும் என்றது முதல் வடிவத்தின் பச்சைக் கரையை. இலையை எடுத்து, கரையைத் திரும்ப வைத்தால் இருவர் கேட்டதும் நடந்துவிடும். எந்த இடம், எந்த வடிவம் என்று எழுதிப் பார்க்காமல் நான் நிறத்தை மாற்றியிருந்தால் இன்னும் இரண்டு சுற்று ஓடியிருக்கும்.

பெயரைப் பெரிதாக்கு, இடம் விடு என்ற ஜோடிதான் எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது. அண்ணாச்சி லேபிளை எதில் பார்த்தார் என்று விசாரித்தேன். மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் போனில் பார்த்திருக்கிறார். 24 செ.மீ. நீள லேபிள் முழுவதும் ஏறத்தாழ 7 செ.மீ. அகலத்துக்குள் சுருங்கிவிடுகிறது. எழுத்து உண்மையான அளவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, சின்னதாகத்தான் தெரியும். மகனோ அலுவலகத்தில் பெரிய திரையில், முன்பக்கத்தை மட்டும் பெருக்கிப் பார்த்திருக்கிறார். அவருக்கு எல்லாமே முகத்தில் வந்து இடித்திருக்கிறது. இருவரும் சொன்னது அவரவர் பார்த்ததற்குச் சரியான பதில். லேபிளை அந்த இரண்டு அளவிலும் வாங்குபவர் யாரும் பார்க்கப் போவதில்லை.

எனவே உண்மையான அளவில் அச்செடுத்து, காலி பாட்டிலில் ஒட்டிக் கொண்டுபோய் அவர்கள் கடை அலமாரியிலேயே வைத்தேன். ஆறடி தள்ளி நின்று மூவரும் பார்த்தார்கள். அண்ணாச்சி, “பேரு தெரியுது தம்பி. ஆனா நல்லெண்ணெய்ங்கிறதுதான் தெரியல” என்றார். அவர் மனதில் இருந்த குறை அது. பெயரைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. முன்பக்கத்தில் இருந்த நான்கு வரிக் குடும்பக் கதையைப் பின்பக்கத்துக்கு நகர்த்தியதில் ‘நல்லெண்ணெய்’ வளரவும் மகன் கேட்ட வெற்றிடத்துக்கும் இடம் கிடைத்தது.

மூன்றாவது ஜோடி உண்மையான மோதல். அண்ணாச்சியின் தந்தை காலத்தில் மாடு பூட்டித்தான் செக்கு ஓடியது. அந்த நினைவு லேபிளில் இருக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். இன்று செக்கு மரமானாலும் ஓட்டுவது மோட்டார். மாட்டைப் போட்டால் வாங்குபவர் தவறாகப் புரிந்துகொள்வார் என்பது மகனின் பயம். இதை எவ்வளவு அலசினாலும் ஒன்றாகக் கரையாது. யாராவது ஒருவர் முடிவு செய்ய வேண்டும். அந்த ஒருவர் நானாக இருக்கக் கூடாது. நான் செய்யக்கூடியது முடிவை எளிதாக்குவது. படத்துக்கான இடம் 3 செ.மீ. அதை மட்டும் இரண்டு விதமாக வரைந்தேன்: ஒன்றில் மாடும் செக்கும், மற்றொன்றில் உரலும் உலக்கையும் மட்டும். முழு லேபிளையே இரண்டாகச் செய்து அனுப்பினால், ‘இதில் இந்தக் கரை, அதில் அந்த எழுத்து’ என்று புதிய கலவைகள் பிறக்கும்.

பிறகு ஒரே பட்டியலாக எழுதி மூவருக்கும் மெயில் அனுப்பினேன். முதலில் செய்யப்போகும் 9 திருத்தம். அடுத்து பச்சை, பெயர் இரண்டிலும் நாங்கள் பேசி வந்த முடிவு, காரணத்தோடு. கடையில் வாய்ப்பேச்சாக முடிந்ததை எழுத்தில் போடாவிட்டால் பத்து நாளில் ஆளுக்கொரு நினைவாகிவிடும். பிறகு செய்ய இயலாத ஒன்று, தனி வேலையான ஒன்று. கடைசியில் ஒரே ஒரு கேள்வி: “படம் அ, ஆ இரண்டில் எது? என் யோசனை ஆ. உங்கள் செக்கு இன்று இருப்பது அப்படித்தான். முடிவு அண்ணாச்சியுடையது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் தெரிந்தால் சனிக்கிழமை பிரஸ்ஸுக்குக் கொடுத்துவிடலாம்.” முடிவு யாருடையது என்று பெயர் சொல்லி எழுதியதை மகனே மறுக்கவில்லை.

பதில் வரும்வரை சும்மா இருக்கவில்லை. எழுத்துத் திருத்தங்களை முதலில் முடித்தேன். முகவரி ஒரு வரி கூடினால் 14 இலக்க உணவு உரிம எண், நிகர அளவு, விலை அச்சடிக்கும் கட்டம் எல்லாமே நகரும்; அதற்கு முன் அழகு பார்ப்பது இரட்டை வேலை. அதன் பிறகே இட அமைப்பு, கடைசியில் நிறம். படத்துக்கான 3 செ.மீ. மட்டும் காலியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியமே அண்ணாச்சி கூப்பிட்டார். “தம்பி, உரலும் உலக்கையும் போதும். மாட்டை அந்தப் பின்பக்கக் கதையில எழுத்தா போட்டுருங்க.” பட்டியலில் 18-ஆவதாக அதை எழுதி, அவர் சொன்ன நாளையும் குறித்து, மூவருக்கும் அனுப்பினேன்.